தொட்டியில் படர்ந்த பச்சை

எங்கள் பசுவின் வயிற்றிலிருந்து மருத்துவர் பிளாஸ்டிக் பைகளை வெளியே எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பால் பாக்கெட் உறைகள், கேரி பைகள், ஒரு ஷாம்பூ பாக்கெட் மாலை. எல்லாம் சேர்ந்து கயிறு போல முறுக்கிக்கிடந்தன. ஒரு கோணிப்பை நிறையும் அளவு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பிரதான சாலையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. இரண்டு பசுக்கள், மூன்று ஆடுகள். நான் வேலை பார்த்த நர்சரிப் பள்ளியை மூடிய பிறகு, மாடுகளைப் பார்த்துக்கொள்வது முழுக்க என் பொறுப்பானது. கணவர் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முன்பு மாடுகளை ஓட்டிவிட்டால் பக்கத்துக் காலி மனைகளில் மேய்ந்துவிட்டு வரும். அந்த இடங்கள் ஒவ்வொன்றாக வீடுகளாயின. ஆனாலும் பழக்கத்தில் நான் அவிழ்த்துவிட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவை எங்கே போய் மேய்ந்தன என்று நான் யோசிக்கவே இல்லை.

வயிற்றைத் தைத்து முடித்ததும் மருத்துவர் கேட்டார். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"வீட்டுல என்ன போடறீங்க?"

"வைக்கோல், தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு மேடம்."

"பச்சை?"

நான் அந்தக் கோணிப்பையைப் பார்த்தேன்.

"அது பசியில குப்பைக்குப் போயிருக்கு. இனிமே வெளிய விடாதீங்க. பச்சையை நீங்க வீட்டுலயே வளர்க்கணும். கஷ்டமில்ல, நான் சொல்றேன்."

தையல் பிரிக்கப் போன அன்று ஈரச் சாக்கில் சுற்றிய புல் கரணைகளும், ஒரு பையில் கைப்பிடி கைப்பிடியாக ஈரப் பாசி போன்ற ஒன்றும் கொடுத்தார். கரணைகள் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் தண்டுத் துண்டுகள். பாசி போலிருந்தது அசோலா. தண்ணீரில் மிதந்து வளரும் ஒரு சின்னப் பெரணி, அதில் புரதம் அதிகம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாது இது? கொளத்துல மெதக்குற பாசியை எடுத்தாந்துகீற?"

"மாட்டுக்கு."

"மாடு இத்த துன்னுமா? நீ வேற."

சொன்னாரே தவிர, மறுநாள் காலையில் சவாரிக்குப் போகுமுன் முருங்கை மரத்தின் அரை நிழலில் ஆறடிக்கு நாலடி இடத்தைச் சமப்படுத்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான் அதன்மேல் தார்ப்பாய் விரித்தேன். சலித்த மண்ணைப் பரப்பி, சாணியைக் கரைத்து ஊற்றி, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் உரம் தூவி, ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டேன். அதன்மேல் அசோலாவைத் தூவினேன். கொட்டகை கழுவும் தண்ணீர் ஓடும் ஓரத்தில் கரணைகளை நட்டேன்.

பத்தே நாளில் தண்ணீர் தெரியவில்லை. பச்சைக் கம்பளி விரித்தது போல மூடிவிட்டது. ஆசையோடு ஒரு முறம் அள்ளி பசுவின் முன் வைத்தேன். அது ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கணவர் சிரித்தார். மருத்துவருக்கு போன் செய்தேன்.

"கழுவினீங்களா? சாணி வாசனை இருந்தா எந்த மாடும் தொடாதுங்க. நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி, தவிட்டுல பிசைஞ்சு கொஞ்சமா குடுங்க."

அலசிக் கொடுத்தபோது முதலில் தின்றது ஆடுதான். பசு நாலு நாள் பிகு செய்துவிட்டு, ஐந்தாம் நாள் தவிட்டோடு சேர்த்து நக்கியது. ஒரு மாதத்தில் என் கையில் முறத்தைப் பார்த்ததும் குரல் கொடுக்க ஆரம்பித்தது. நேப்பியர் வெட்டுக்கு வர இரண்டரை மாதம் ஆனது. பிறகு புண்ணாக்கைக் கொஞ்சம் குறைத்தும் பால் குறையவில்லை. தைத்த பசு தேறி, அதன் தோலில் பழைய பளபளப்பு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் தவறு செய்தேன். தினம் ஒரு கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று அள்ளினேன். ஐப்பசி மழையில் ஒருநாள் தொட்டி நிரம்பி வழிந்து, பாதி அசோலா வாசல்வரை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதி தானே படர்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். படர்வதற்குள் மறுபடியும் அள்ளினேன்.

எதிர் வீட்டு ஆன்ட்டி பல வருடமாக எங்களிடம் பால் வாங்குபவர். அந்த மழைக்காலத்தில் அவர் வீட்டு அங்கிளுக்கு டெங்கு வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீடு திரும்பிய மறுநாள், மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்பு ஆட்கள் இருவர் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"தண்ணி தேக்கி வச்சிருக்கீங்கன்னு கம்ப்ளெயின்ட் வந்துகீதுமா."

"அது அசோலா சார். மேல மூடியிருந்தா கொசு முட்டை போடாது" என்று நான் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன்.

இருவரில் மூத்தவர் புழு பார்க்கும் வெள்ளைக் கரண்டியை அசோலா அடர்ந்த மூலையில் விட்டு எடுத்தார். ஒன்றுமில்லை. பிறகு திறந்து கிடந்த பாதியில் விட்டு எடுத்து, என் முன் நீட்டினார். வெள்ளைப் பரப்பில் ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அவர்கள் சொல்வதற்கு முன்பே நான் செங்கல்லை இழுத்துத் தண்ணீரை வடியவிட்டேன். மண்ணில் தங்கிய அசோலாவை வாரி நேப்பியர் தூரில் போட்டேன்.

அன்று சாயங்காலம் பால் கொண்டுபோனேன். புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று ஆன்ட்டிக்கும் தெரியும்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றார். "அங்கிளுக்கு பிளேட்லெட் டவுன் ஆகி, நாலு நாள் நான் தூங்கவே இல்ல. உங்க மேல கோபம் எல்லாம் இல்லம்மா. பயம்."

"புழு இருந்துச்சு ஆன்ட்டி. நான்தான் சரியா பாத்துக்கல."

அங்கிளைக் கடித்த கொசு எங்கள் தொட்டியில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் முழுதும் வெறும் தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. மாடு என் முறத்தைத் தேடிக் கத்தியது.

மழை நின்றபின் ஆன்ட்டியிடம் போய், மறுபடியும் போடலாமா என்று கேட்டேன். என் கொல்லையில் தொட்டி வைக்க அவரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லைதான். ஆனாலும் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"போடுங்க. ஆனா நான் வந்து பாப்பேன்."

மருத்துவர் மறுபடி விதை அசோலா கொடுத்தார். மழைத்தண்ணீர் வழிந்தாலும் அசோலா போகாதபடி ஓரத்தில் வலை கட்டினேன். சேலையூர் வண்ணமீன் கடையில் கொசுப்புழு தின்னும் கப்பி மீன்கள் வாங்கித் தொட்டியில் விட்டேன். பாதி செத்து, பாதி பிழைத்துப் பெருகின. எவ்வளவு ஆசை வந்தாலும் ஒரு முறத்துக்கு மேல் அள்ளுவதில்லை. தண்ணீர் கண்ணில் பட்டால் அன்று அறுவடை கிடையாது.

ஆன்ட்டி சொன்னபடியே வந்தார். முதல் மாதம் தினமும், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார். பிறகு வாரம் இரண்டு நாள். சித்திரை வெயிலில் ஒரு காலை, அவர் குரல் கேட்டு ஓடினேன்.

"இங்க வாம்மா, இந்த ஓரம் செவந்து போச்சு பாரு. என்ன ஆச்சு இதுக்கு?"

"வெயில் தாங்கல ஆன்ட்டி. நிழல் பத்தல."

அவர் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மாடித் தோட்டத்துக்கு வாங்கிய பச்சை நிழல்வலை மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து அதை முருங்கைக் கிளையிலிருந்து கொட்டகைக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டினோம். முடிச்சுப் போட எனக்கு உயரம் போதவில்லை. அவர்தான் ஸ்டூலில் ஏறினார்.