வெள்ளி வாய்

கற்பிட்டிக் கரையில் மக்தலேனா என்றால் கருவாட்டை விட அவளுடைய சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். மீனைக் கீறி உப்புப் போட்டு மணலில் பாய் விரித்துக் காயவைப்பவள். காகத்தை விரட்டவும் புருஷனைக் கூப்பிடவும் அவளுக்கு ஒரே குரல்தான். ஆனால் அந்தக் குரல் அதிகம் செலவானது மூத்த மகள் றோசமேரியிடம். "வாயை மூடடி!" விடிந்தால் அது, பொழுது சாய்ந்தாலும் அது.

பிள்ளைக்கு வாய் எப்போதும் திறந்தேதான் கிடக்கும். உறங்கும்போது பெரிய ஆம்பிளை மாதிரிக் குறட்டை. விடியும்போது தலையணை எச்சிலில் நனைந்திருக்கும், உதடு வெடித்துப் போயிருக்கும். சோறு தின்ன ஊர்பட்ட நேரம் எடுப்பாள். மென்றுகொண்டே மூச்சுவிட முடியாமல், ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி இளைப்பாறுவாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று சிஸ்டர் குறை சொன்னா. சோம்பல், மந்தம், கொழுப்பு என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மக்தலேனா அடித்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியான உறக்கத்தில் சீலைக் கிழிசலால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டியும் பார்த்தாள். பிள்ளை கண் பிதுங்கத் துள்ளி எழுந்து கட்டைப் பிய்த்தெறிந்தது. அன்றைக்கும் ஏச்சு வாங்கியது பிள்ளைதான்.

அடியும் கட்டும் உதவாதபோது வேறென்ன? தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போவதுதானே. கால் நோவென்றால் வெள்ளிக்கால், கண் நோவென்றால் வெள்ளிக்கண் என்று நேர்ந்துகொள்வது அந்தக் கரையின் வழக்கம். மக்தலேனா ஒரு வெள்ளி வாய் நேர்ந்துகொண்டாள். வாய்தானே திறந்து கிடக்கிறது, அப்போ நோவும் வாயில்தானே என்று அவள் கணக்கு. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஊரில் யாருமே அந்தப் பிள்ளையின் மூக்கைப் பார்த்ததில்லை.

பார்த்தவர் ஒருவர் வந்தார். றோசமேரிக்கு ஏழு வயது நடக்கையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சோதிக்கப் புத்தளத்திலிருந்து ஒரு டொக்டர். தாய் தகப்பன் யாரும் வரட்டும் என்று ஆள் அனுப்பினார். அன்றைக்குப் பார்த்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. காயப்போட்ட சீலா மீனை விட்டு மக்தலேனாவால் அசைய முடியவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று புருஷன் சூசைப்பிள்ளையை அனுப்பினாள்.

டொக்டர் பிள்ளையின் வாயை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்தார். கண்ணாடியில் ஆவி படியவே இல்லை. பிள்ளையின் வாயைத் திறந்து சூசைப்பிள்ளைக்குக் காட்டினார். மேல் அண்ணம் ஒடுங்கி உயர்ந்து போயிருந்தது. கூப்பிட்டால் திரும்பாததற்காகக் காதையும் பார்த்தார். சூசைப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

"என்னவாம்?" என்றாள் மக்தலேனா, கருவாட்டுக்கு மேல் தென்னங்கிடுகை இழுத்துப் போட்டபடி.

"மூக்குக்குப் பின்னால சதை கிடக்காம். வளந்தாச் சுருங்கிப் போயிடுமாம்."

"வேறொண்டும் சொல்லயில்லையா?"

"சுருங்கிப் போயிடும் எண்டாரே."

அவ்வளவுதான் கதை. அன்னம்மாள் நேர்த்தியைக் கேட்டுவிட்டா என்று மக்தலேனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த திருநாளுக்கே பத்தரிடம் வெள்ளி வாய் செய்வித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்தர் கைகாரன். இரண்டு உதடும் பொருந்தி, அழகாக மூடிய வாய்.

சதை மெதுவாகத்தான் சுருங்கியது. அதற்குள் முகம் தன்பாட்டில் வளர்ந்தது. முன்பல் இரண்டும் முன்னுக்கு வந்தன. ஒடுங்கிய மேல் தாடையில் மற்றப் பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கடைவாயில் மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே இறங்கியது. முகம் நீண்டு, நாடி பின்வாங்கி, மேலுதடு பல்லுக்குமேல் கட்டையாக நின்றுவிட்டது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு இரண்டு வருஷம் கழிந்தபோது அவளுக்குப் பதினாறு. அப்போது மூக்கில் மூச்சு நன்றாகவே வந்தது, குறட்டையும் இல்லை. ஆனால் உதட்டைச் சேர்க்க நாடியை இறுக்கி இழுக்கவேண்டும். இழுத்தாலும் நொடியில் விட்டுப்போகும். கோயிலில் நல்ல பாட்டுக்காரி, ஆனாலும் முன்வரிசையில் நிற்கமாட்டாள். சிரிக்கும்போது சீலைத் தலைப்பு தானாக வாய்க்கு ஏறிவிடும். மக்தலேனா மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள். "வாயை மூடடி!"

கடைக்குட்டி மனுவேலுக்கு ஆறு வயது. அவனும் குறட்டைவிடத் தொடங்கினான். சளி வந்து போன பிறகும் வாய் மூடவில்லை, மாதக் கணக்காக. மத்தியானம் உறங்கும்போது மூச்சு சற்று நின்று, பிறகு பொறுக்கென்று இழுத்தது. அதைக் கண்டவள் றோசமேரி. அவள்தான் தாயையும் தகப்பனையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கிருந்தவர் புது டொக்டர், இளந்தாரி. அவரும் கண்ணாடியைப் பிடித்தார்.

"நாலு நாள் சளியில வாயால மூச்சு விட்டாப் பயமில்லை அம்மா. சளி இல்லாமலும் மாதக் கணக்கில விட்டா, குறட்டை விட்டா, உறக்கத்தில மூச்சு நிண்டாக் காட்டத்தான் வேணும். மூக்குக்குப் பின்னால சதை போலதான் கிடக்கு. கொழும்புக்குக் கொண்டு போங்க. வெட்டணுமா இல்லையா எண்டு அங்க பாத்துச் சொல்லுவாங்க."

"அந்தச் சதை வளந்தாச் சுருங்கிடும்தானே, ஐயா?" என்றாள் மக்தலேனா.

"சதை சுருங்கும். முகம் அதுவரைக்கும் காத்துக்கொண்டு இருக்காதே. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வராது, முகச்சாடையும் பரம்பரையும் இருக்கு. ஆனா வாயத் திறந்தபடியே வளந்தா, அண்ணம் ஒடுங்கும், பல்லு தள்ளும். இந்த வயசில பாத்தாத்தான் நல்லம்."

மக்தலேனா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சூசைப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொல்லாமல் விடத்தான் தெரியும்.

"அந்த டொக்டரும் இப்பிடித்தானே சொன்னார்?"

"ஓம்."

"மிச்சத்த ஏன் எனக்குச் சொல்லயில்ல?"

"கத்தி வைக்கணும் எண்டும் வரலாமெண்டார். சின்னப் பிள்ளைட தொண்டையில கத்தி... பயந்துபோனன் மக்தலேனா. சுருங்கும் எண்டதப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன்."

அவள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கரையையே அதிரவைக்கும் அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. டொக்டரிடம் திரும்பி, "இவளுக்கு?" என்று கேட்டாள்.

டொக்டர் றோசமேரியின் வாயைப் பார்த்தார். "மூக்கு இப்ப நல்லம். காசுள்ள ஆக்கள் கொழும்பில கம்பி போட்டுப் பல்லைக் கொஞ்சம் உள்ளுக்கு எடுப்பாங்க. எலும்பு வளந்தது வளந்ததுதான், அம்மா."

மனுவேலைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துச் சதையை எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு குறட்டை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக வாயும் மூடியது. பிள்ளை பசியோடு தின்றான். பார்த்துப் பார்த்து மகிழவேண்டிய தாய், பார்க்கும்போதெல்லாம் மூத்தவளை நினைத்து உள்ளுக்குள் வெந்தாள்.

அந்த வருஷத் திருநாளுக்குத் தலவிலவுக்குப் போனார்கள். இந்த முறை மக்தலேனாவின் கையில் இருந்தது வெள்ளி மூக்கு. காணிக்கைகள் தொங்கும் இடத்தில் றோசமேரி நின்றுவிட்டாள். கால்களுக்கும் கண்களுக்கும் நடுவில் அவளுடைய வாய் கறுத்துப்போய்த் தொங்கியது. இரண்டு உதடும் அப்படியே பொருந்தியிருந்தன. அவள் சீலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"வடிவான வாயாத்தான் குடுத்திருக்கிறீங்க அம்மா. எனக்குத்தான் மிஞ்சயில்ல."

மக்தலேனாவின் நாக்கில் பதினாறு வருஷப் பழக்கத்தில் அந்த ஒரே சொல் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு அவள் தன் வாயை மூடினாள்.