B840 பெட்டிகள்

மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவில் பூர்ணிமாவின் கம்ப்யூட்டர் கடைக்கு நேர் எதிரே சேரனின் கடை இருந்தது. இடம் தற்செயலாக அமையவில்லை. அந்தத் தெருவிலேயே வேறு நல்ல இடங்கள் காலியாக இருந்தும், சேரன் கல்லாவில் உட்கார்ந்தால் தன் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவள் அந்த மாடிப்படி ஓரக் கடையைப் பிடித்தாள்.

குத்தாலம் பக்கம் குத்தகை நிலத்தில் குறுவையும் தாளடியும் போட்டு வளர்த்த குடும்பம் அவளுடையது. டிப்ளமோ முடித்ததும் சேரனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சேரனுக்கு வாய் இருந்தது, கைராசி இருந்தது, சரக்கைப் பற்றிய அறிவு மட்டும் இல்லை. பெட்டி மேல் பெரிய எண் இருந்தால் பெரிய சரக்கு என்பதுதான் அவன் கணக்கு. பாகங்களைப் பூட்டுவது, பழுது பார்ப்பது, எது எதோடு பொருந்தும் என்று பார்ப்பது எல்லாம் பூர்ணிமா.

ஒருநாள் ஒரு கல்லூரி மாணவனுக்கு வேகத்தைக் கூட்டி ஓட்டக்கூடிய விலை உயர்ந்த இன்டெல் ப்ராசஸரை விற்று, அதற்கு H610 மதர்போர்டைச் சேர்த்துக் கொடுத்தான் சேரன். வேகத்தைக் கூட்டலாம் என்று வாக்கும் கொடுத்தான். அந்த ப்ராசஸரின் வேகத்தைக் கூட்ட Z என்று தொடங்கும் சிப்செட் உள்ள போர்டு வேண்டும், H610 அதற்கு விடாது என்று பூர்ணிமா முன்பே சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. பையனின் அப்பா சண்டைக்கு வந்தபோது, கடை நிறைய ஆள் இருக்கையில், சேரன் அவளைக் கைகாட்டினான்.

"இந்தப் பொண்ணுதான் தப்பா ஆர்டர் போட்டுச்சு. இன்னையோட நிறுத்திட்டேன்" என்றான்.

அதோடு விட்டிருந்தால்கூட அவள் மறந்திருப்பாளோ என்னவோ. அடுத்த வாரம் அவள் வேலை கேட்டுப் போன கடைகளில் எல்லாம், அவள் புதுப் பெட்டியிலிருந்து பாகம் எடுத்துப் பழசை வைப்பவள் என்று சேரன் கிளப்பிய பேச்சு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து பூர்ணிமா கோபத்தைச் சோறு போலத் தினமும் தின்றாள். நகையை அடகு வைத்துக் கடை போட்டாள். சேரன் எப்போது வழுக்குவான் என்று கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் லியாகத் அலியின் உருவில் வந்தது. நீடூரில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்துபவர் அவர். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்து நிக்காஹ் முடித்துத் திரும்புகிறவர்களுக்கு, விமானம் ஏறுவதற்குள் படம் முடித்துக் கொடுப்பதில் பெயர் வாங்கியவர். எடிட்டிங்குக்கு நடுத்தர விலையில் ஆறு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்.

பூர்ணிமா அவரை உட்காரவைத்து நிதானமாக விளக்கினாள். வேகத்தைக் கூட்டி ஓட்டும் வசதி எடிட்டிங்குக்குத் தேவையில்லை. கலர் விளக்கு வேண்டாம். மிக வேகமான ஐந்தாம் தலைமுறை ஸ்லாட்டுக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு: ப்ராசஸருக்கு மின்சாரம் ஊட்டும் பகுதியின் மேல் சூட்டை இறக்கும் நல்ல வெப்பத்தகடு, படங்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு முழு வேகத்தில் ஓடும் இரண்டு இடங்கள், ராமுக்கு நான்கு இடங்கள், பின்பக்கம் கார்டு ரீடர் செருக வேகமான யு.எஸ்.பி. இவை எல்லாம் உள்ள, B650 சிப்செட் போர்டு ஒன்றைக் காட்டினாள். சிப்செட் பெயர் பாதிதான் சொல்லும், மீதியைப் போர்டு போர்டாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார்.

இரண்டு நாள் கழித்து எதிர்க்கடையிலிருந்து இறங்கி நேரே இவளிடம் வந்தார். முகத்தில் குழப்பம்.

"சேரன் B840 தர்றேங்கிறான்மா, உங்க விலையவிடக் கம்மியா. ரெண்டும் B தானாம். உங்களது 650, அவனது 840. அதுதான் புதுசுங்கிறான். சரியா?"

அவரைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும். முதல் எண் தலைமுறையைச் சொல்லும், நடு எண்தான் படியைச் சொல்லும். 650-ல் இருப்பது ஐந்து, 840-ல் இருப்பது நான்கு. B650-க்கு உண்மையான வாரிசு B850. B840 அதற்கு ஒரு படி கீழே, அதன் சிப்செட் வழியே தகவல் போகும் பாதைகள் பழைய வேகத்தில், பாதியாகத்தான் ஓடும். இதைச் சொன்னால் பாய் திரும்பிப் போய்க் கேட்பார், சேரன் பல்லைக் காட்டிக்கொண்டு பெட்டியை மாற்றித் தருவான், தப்பித்துவிடுவான்.

கண்ணாடிக்கு அப்பால் சேரன் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"புதுசுதான் பாய்" என்றாள் பூர்ணிமா. "நம்பரும் பெருசுதான்."

பொய் இல்லை. ஆனாலும் ஆறு கம்ப்யூட்டரையும் வாங்க அவர் எதிர்க்கடைக்குத் திரும்பியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைகாசியில் முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்தன. சேரன் கொடுத்த போர்டு விலை குறைந்ததிலும் குறைந்தது. மின்சாரம் ஊட்டும் பகுதியின் மேல் வெப்பத்தகடே கிடையாது. நீண்ட நேரம் வீடியோ ஓட்டினால் அது கொதித்து, ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இரண்டாவது எஸ்.எஸ்.டி. சிப்செட் வழியே இணைந்திருந்ததால், காட்சிகளைப் பிரதி எடுப்பது பாதி வேகத்துக்கு இறங்கியது. ஒரு மணப்பெண்ணின் குடும்பம் படம் கையில் இல்லாமலே துபாய்க்கு விமானம் ஏறியது. லியாகத் அலியின் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

அவர் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சேரனிடம் வந்த அன்று, பூர்ணிமா தன் கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தாள். உள்ளே ஆள் நிறைய இருந்தது. சேரன் வழக்கம்போல வேலைக்காரப் பையன் சரியாகப் பூட்டவில்லை என்று தொடங்கியிருந்தான்.

பூர்ணிமா பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினாள். வெப்பத்தகடு இல்லாத இடத்தைக் காட்டினாள். இரண்டாவது எஸ்.எஸ்.டி. ஸ்லாட்டைக் காட்டினாள். நடு எண் எதைச் சொல்கிறது என்று கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பூட்டினவன் மேல தப்பில்ல சார். பேரு படிக்கத் தெரியாம வித்தவர் மேலதான். அன்னைக்கு H610-க்கும் இதேதான். அதையும் இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் சேரனைப் பார்த்து.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் அவசரப்படாமல் பார்த்தாள். அந்தச் சுகம் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அதன்பின் B840 வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியோடு வந்தார்கள். சில்லறை வேலைக்கு வாங்கியவர்களுக்கு அந்த போர்டு போதுமானதுதான், ஆனால் அதை யார் நம்புவார்கள்? பிரித்த சரக்கை டீலர் திருப்பி எடுக்கவில்லை. ஐப்பசிக்குள் சேரன் கடையில் பாதியை ஒரு செல்போன் கவர் வியாபாரிக்கு விட்டுவிட்டான்.

லியாகத் அலியின் போர்டுகளைப் பூர்ணிமாவே மாற்றிக் கொடுத்தாள். வேலை முடிந்த அன்று அவர் ஸ்டூடியோ வாசலில் நின்று கேட்டார்.

"நான் வந்து கேட்டேனே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்தானம்மா?"

"தெரியும் பாய்."

அவர் கோபப்படவில்லை.

"அவன் தெரியாம செஞ்சான். நீங்க தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க" என்றார். பேசிய கூலியைக் கொடுத்தார், டீயும் வரவழைத்துக் கொடுத்தார். அடுத்த ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர்களைக் கும்பகோணத்தில் வாங்கினார். அவளை ஒரு சொல் குறை சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

தங்கை வானதி ஒருமுறை, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். அந்தத் துபாய்ப் பெண்ணை நினைத்தால் இருக்கிறது என்றாள் பூர்ணிமா. சேரனை நினைத்தால் இல்லை. மறுபடி பாய் அதேபோல வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்று வானதி விடாமல் கேட்டபோது, வாடிக்கையாளர் ஒருவர் படியேறி வந்தார். பூர்ணிமா அவரைக் கவனிக்க எழுந்து போய்விட்டாள்.