பத்து முடிச்சும் அறுபது முடிச்சும்

ராஜாக்கமங்கலம் கடற்கரையில் வலைநூல் டிப்போவுக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். பதினைந்து நாளுக்கு ஒரு லாரி வரும்.

ஒருநாள் மேலதிகாரி வந்து என் இருப்புப் புத்தகத்தைப் புரட்டினார். "பத்து லோடில் ஏழு தடவை அடுத்த லாரி வருமுன்னே தீர்ந்துபோயிருக்கு. புதுக்கடைப் பக்கத்து டிப்போவில் ஒரே தடவைதான். இதை மூடிட்டு இங்கே நூல் வாங்குறவங்களை அங்கே அனுப்பப்போறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு அது எப்போதும் சட்டென்று வரும். அங்கே போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அத்தனை குடும்பமும் அந்த நாளின் கடல் வேலையை இழக்கும்.

"சார், தீர்ந்த தடவையை எண்ணிட்டீங்க. கேட்டும் கிடைக்காத நூல்கட்டுகளை எண்ணலையே" என்றேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். நூல் இல்லையென்று திரும்புகிறவர், கிடைக்காத கட்டுக்கு ஒன்றாக டிப்போ கயிற்றில் முடிச்சுப் போடுவார். அடுத்த லாரியில் அவருக்கே முதல் உரிமை. கொடுத்ததும் முடிச்சில் சுண்ணாம்பு தடவுவேன், அவிழ்ப்பதில்லை. புதுக்கடைப் பக்கத்து டிப்போவிலும் இதுவே முறை.

அவர் கயிற்றை எண்ணினார். பத்து முடிச்சு. அந்தப் பத்து லோடில் கேட்டவை நானூறு கட்டு. முந்நூற்றுத் தொண்ணூறு கேட்ட அன்றே போயிருந்தன. ஏழு தடவையும் தீர்ந்தது லாரி வருவதற்கு முந்தின நாட்களில். ஒவ்வொரு தடவையும் தவறியது ஒன்றோ இரண்டோ கட்டு.

"புதுக்கடை டிப்போக் கயிற்றையும் எண்ணிட்டு முடிவு சொல்லுங்க சார்."

மறுவாரம் அவர் ஜீப்பில் வந்தார், கையில் அந்தக் கயிறு. அங்கேயும் நானூறு கட்டுதான் கேட்டிருந்தார்கள். ஒன்பது லோடு குறையே இல்லை. சீசன் தொடங்கிய ஒரே லோடில் மட்டும் அறுபது முடிச்சு.

"ரெண்டு கணக்கும் சரிதான்" என்றார் மெதுவாக. "எத்தனை தடவை தீர்ந்ததுன்னு ஒண்ணு. எத்தனை கட்டு தவறினதுன்னு ஒண்ணு. நான் ஒண்ணை மட்டும் பார்த்தேன்."

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை கொடுத்தவன் நான் என்று வாய்நிறையச் சொன்னேன்.

நூல் வாங்க வந்து நின்ற வலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெருமை பேசாதீரும், கணக்கப்பிள்ளே. அந்தப் பத்துல ஒரு முடிச்சு எனக்க முடிச்சாக்கும். நாலு நாளு எனக்க வலை கரையில கெடந்தது. உமக்குத் தொண்ணூத்தேழரை, எனக்கு ஒண்ணுமில்ல."

எனக்கு முகம் வாடிப்போயிற்று. அவள் சொன்னதில் தப்பில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் ரெண்டுக்கு மேல தவறலையே. ஒவ்வொரு லோடிலும் ரெண்டு கட்டு கூட வந்திருந்தா?"

"ஏழு தடவையும் ஒரு முடிச்சும் விழுந்திருக்காது சார்" என்றேன்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு கட்டுக்காகவா சார் இத மூடப் பாத்தீரு?"

அவர் பேனாவைத் திறந்து, எங்கள் டிப்போவுக்கு லோடுக்கு இரண்டு கட்டு அதிகமாக எழுதினார்.