"ஆபத்து எதுவும் இல்லை" என்று எழுதிய பெண்ணும் பட்டாசு மேடமும்

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

சரி, முறைக்காதீர்கள். நடந்தது நடந்ததுதான். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். மேடம் கத்தியதில் மின்விசிறி நின்றுவிட்டது என்று நான் சொன்னால், விசிறி கொஞ்சம் தயங்கியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடுதிச் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து நின்று களைத்தவர்கள் நீங்கள். வேன் வருகிற வரைக்கும் அந்தத் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து கேளுங்கள். கல்லூரிக் கண்காட்சியில் உங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஏன் தொங்கவில்லை என்று என்னைத் துளைத்தெடுத்தீர்களே, அந்தக் கதைதான். இதில் என் அக்கா வருகிறாள். அவளிடம் கேட்டுவிட்டேன். இதோ முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். "சொல்லித் தொலை" என்று சம்மதம் கொடுத்திருக்கிறாள்.

நான் கல்லூரியில் ஒரு துறையின் பியூன். எனக்கும் படிப்புக்கும் உள்ள உறவு, அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது மட்டும்தான். மூன்றாம் வருடப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஆராய்ச்சி எழுதித் தருவார்கள். வருடக் கடைசியில் அந்தக் கட்டுகளைச் சுமந்தே என் உயரம் ஒரு சாண் குறைந்துபோனது.

அந்தக் கட்டுகளைத் திருத்துகிறவர்களில் ஒருவர்தான் பட்டாசு மேடம். பிள்ளைகள் வைத்த பெயர். ஆள் என் தோளுக்குத்தான் வருவார். தோள்பை அவரைவிடப் பெரியது. தூரத்தில் பார்த்தால் பை தானாக நடந்து வருவது போலிருக்கும். வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன்னால் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டு எழுதும் வேலை பார்த்தவர். எந்த வீட்டில் பயந்து பதில் சொல்கிறார்கள், எந்த வீட்டில் ஆளைத் துரத்தப் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. துறைத் தலைவர் பதவி அவரைத் தாண்டி இரண்டு பேருக்குப் போய்விட்டது. காரணம் அவருடைய வாய். அவர் அம்மா போனில் கூப்பிட்டால்கூட சண்டையில்தான் தொடங்கும், சிரிப்பில்தான் முடியும்.

எல்லா ஆராய்ச்சியிலும் நெறிமுறை என்று ஒரு பகுதி உண்டு. அதற்குத் தனி மார்க்கு, இருபது. யாரிடம் கேள்வி கேட்டாயோ அவர்கள் மனசார ஒப்புக்கொண்டார்களா, அவர்கள் யாரென்று வெளியே தெரியாமல் காப்பாற்றினாயா, இதனால் அவர்களுக்கு என்ன கெடுதல் வரலாம் என்று ஒளிக்காமல் எழுதினாயா, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். மற்ற வாத்தியார்கள் அந்தப் பக்கத்தைப் பேருந்து ஜன்னலில் போகிற மரம் மாதிரிப் பார்ப்பார்கள். மேடம் அங்கே இறங்கி வீடு கட்டிக் குடியிருப்பார்.

ஒரே ஆராய்ச்சியை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். உங்களைப் பற்றி எழுதியது மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி. அதைத் திருத்திய முதல் ஆள் சர்க்கரை சார். அந்தப் பெண்ணுக்கு வழிகாட்டியும் அவர்தான். யாரையும் மனம் நோகப் பேசமாட்டார். வெற்றுத் தாளைக் கொடுத்தாலும் "கையெழுத்து சுத்தமா இருக்கு" என்று பாதி மார்க்கு போடுகிற ரகம். அவர் நெறிமுறைக்குப் பதினெட்டு போட்டிருந்தார். மேடம் போட்டது நாலு.

இவ்வளவு வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்படியும் ஒத்து வராவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகும். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு போனேன்.

"நாலா? பாவம் மேடம், கெட்டிக்காரப் பொண்ணு. கண்காட்சிக்கு இதைத்தான் முதல்ல வைக்கப்போறோம். விடுதிச் சலவை ஒப்பந்தக்காரர்லாம் வர்றாங்க" என்றார் சார்.

"வருவாங்கள்ல? அதான் நாலு" என்றார் மேடம். "சம்மதம் யார் வாங்கினது சார்? சூப்பர்வைசர்! எல்லாரையும் சாப்பாட்டு நேரத்துல வரிசையா நிக்க வச்சு, தன் பேனாவையே குடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கான். இந்தப் பொண்ணு அதுக்கு நன்றி வேற எழுதியிருக்கு! நாம ஒப்புதல் குடுத்த திட்டத்துல என்ன இருந்துச்சு? வேலை இடத்துக்கு வெளியில, தானே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி, வேண்டாம்னா விட்டுடுவேன்னு இருந்துச்சு. மாத்தினதை நம்மகிட்ட சொல்லுச்சா?"

"நேரம் இல்லாம..."

"முதலாளி ஆளு முன்னாடி நின்னா, மாட்டேன்னு எவ சார் சொல்லுவா? அதுக்குப் பேரு சம்மதமா?"

மேசை குதித்தது. கோப்பைகள் தட்டில் நடனம் ஆடின. இதில் நான் எதையும் கூட்டவில்லை, தட்டு என் கையில்தான் இருந்தது.

"சரி, பேரெல்லாம் மாத்தியிருக்கே" என்றார் சார், சர்க்கரையை இன்னும் ஒரு கரண்டி கூட்டி.

"பேரை மாத்தினா ஆளு மறைஞ்சிடுவாளா? இதைக் கேளுங்க." மேடம் தாளைப் புரட்டிப் படித்தார். "நான்காம் பங்கேற்பாளர். துணியைச் சூட்டில் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தை இயக்கும் ஒரே பெண். இடது கைப் பழக்கம் உள்ளவர். கணவர் இல்லை. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பியை, வேலை வேகமாக நடக்க மேற்பார்வையாளர் துணியால் கட்டி வைக்கச் சொன்னதால் மணிக்கட்டு வெந்ததாகக் கூறினார்..."

"அய்யோ, எங்க அக்கா!" என்றேன் நான்.

வாயை மூடிக்கொண்டேன். தட்டு மூடிக்கொள்ளவில்லை. தேநீர் சார் மடியில் போய் உட்கார்ந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். "பாத்தீங்களா? ரெண்டு வரி. தேத்தண்ணி கொண்டு வந்த மனுசனுக்கே தெரிஞ்சுபோச்சு. சூப்பர்வைசருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அப்புறம் அவர் முகம் மாறியது. கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் பாருங்க. கதவைத் தொறந்து போட்டு, வெளியாள் நிக்கும்போது சத்தமா படிச்சிருக்கேன். அவளுக்கு நாலு போட்டேனே, எனக்கு யார் போடறது?" தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். "தம்பி, நீ கேட்டது என் தப்பு. வெளியில சொல்லிடாத."

அன்று சாயங்காலமே துறைத் தலைவருக்கு, "திருத்தும்போது நான் ரகசியத்தைக் காக்கத் தவறிவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் அதைப் படித்துவிட்டு, இந்த அம்மா சண்டைக்கு ஆள் கிடைக்காமல் தன்னோடேயே போட ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்தாராம்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். வந்தவள் அழவில்லை, எகிறினாள்.

"எல்லாக் கையெழுத்தும் இருக்கு மேடம்! ஒண்ணுகூட விடல!"

"ஒண்ணுகூட விடலைங்கிறதுதாம்மா பிரச்சினை. ஒருத்திகூடவா வேண்டாம்னு சொல்லல? உனக்கே சந்தேகம் வரலையா?"

"நான் அவங்களுக்கு நல்லதுதான் பண்ண நினைச்சேன். அந்தக் கம்பி விஷயம் வெளியில வரணும்னுதான்..."

"அப்புறம் ஏன் இங்க 'ஆபத்து எதுவும் இல்லை'ன்னு ஒரே வரியில முடிச்ச? வெளியில வந்தா அந்த அம்மாவுக்கு வேலை போகும்னு உனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "தெரியும். எழுதினா மார்க் குறையும்னு சீனியருங்க சொன்னாங்க."

விசிறி நின்றது இங்கேதான். மேடம் போட்ட சத்தத்தில் வராண்டாவில் தூங்கிய நாய் எழுந்து பக்கத்துத் துறைக்கு மாறிப்போனது.

"சூப்பர்வைசர் வந்து நின்னான், என்னால தடுக்க முடியல, இந்தக் கையெழுத்தை முழுசா நம்ப முடியாது, இன்னின்ன கெடுதல் வரலாம், அதனால இதை இதை வெட்டிட்டேன், அப்படின்னு நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தா பாதிக்கு மேல நானே போட்டிருப்பேன்! தப்பு நடந்ததுக்காக நான் வெட்டலம்மா. நடக்கவே இல்லைன்னு எழுதின பாரு, அதுக்குத்தான் வெட்டினேன்!"

மூன்றாவது ஆள் பார்த்து ஆறு என்று முடிவானது. கொடுத்த தாளுக்குத்தான் மார்க்கு, இனிமேல் எழுதித் திருத்தினாலும் மார்க்கு ஏறாது. அந்தப் பெண் தேறிவிட்டாள், பரிசு போய்விட்டது. சர்க்கரை சார் இப்போது மேடத்தைக் கண்டால் எதிர்ப்பக்கப் படிக்கட்டில் ஏறுகிறார்.

கண்காட்சிக்கு வைக்க வேண்டுமானால், அந்தப் பெண் உங்கள் ஒவ்வொருவரிடமும் தனியாகத் திரும்பக் கேட்க வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக நின்றார். வேண்டாம் என்பவர்கள் சொன்னதை முழுக்க எடுத்துவிட வேண்டும். அந்தப் பெண் என் அக்காவைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்தாள். மேடமும் கூட வந்து வாசலோடு நின்றுகொண்டார்.

அக்கா கரண்டியோடு வந்தாள். "வரிசையில நிக்க வச்சப்ப நான் எதுல கையெழுத்து போட்டேன்னே தெரியாது. அப்புறம் நீ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுன, தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொன்னேன். அதை ஒப்பந்தக்காரன் கண்ணு முன்னாடி மாட்டப் பாத்தியா? எடு. ஒரு வரி இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடு."

கம்பிக் கதை அக்கா சொன்னது. அது போனால் ஆராய்ச்சியில் மிச்சம் துணி எண்ணுவதுதான். அதனால் கண்காட்சியில் ஒன்றும் தொங்கவில்லை.

மேடம் சும்மா இருந்தாரா? அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஆராய்ச்சியின் பேச்சையே எடுக்காமல், கல்லூரியில் உள்ள எல்லா இயந்திரங்களையும் பொதுவாகச் சோதிக்க வேண்டும் என்று நிர்வாகத்தை நச்சரித்தார். சோதனைக்காரர்கள் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். சூப்பர்வைசர் அன்று மட்டும் கம்பியைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். அவர்கள் வண்டி வாசல் தாண்டியதும் திரும்பக் கட்டினான். இதைக் கேட்ட மேடம், நிர்வாக அலுவலகக் கதவை அடைத்த வேகத்தில்...

"கதவை விடு" என்று குறுக்கே புகுந்தாள், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, துணி மடிக்கிற மேசைக்காரி. மூட்டையை விட்டு எழுந்துவிட்டாள். "கம்பி இன்னும் கட்டித்தான் கெடக்கு. அதை யாரு அவுக்கறது? இவ தான் சொன்னதை எடுக்க வச்சுட்டா, இவ வேலை பத்திரம். அடுத்த வாரம் உருளைக்கு என்னைப் போடறான். என் கை?"

அக்கா சிலிர்த்துக்கொண்டாள். "உன் கைக்கு நான் ஏண்டி வேலையை விடணும்? எம்புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?"

"எல்லாரும் சொல்லியிருந்தா ஒருத்தி மாட்ட மாட்டா! அந்தப் பொண்ணு உங்கிட்டயும்தானே கேட்டுச்சு? நீ வாயைத் தொறந்தியா?" இது பின்னாலிருந்து, மேசைக்காரியைப் பார்த்து ஒரு குரல்.

"யாரைப் பாத்துக் கேக்கற?" என்று மேசைக்காரி திரும்பினாள்.

"உன்னைத்தான்! சூப்பர்வைசர் என்னவோ உன் மச்சான் மாதிரி அவன் பக்கத்துலயே நின்னுட்டிருந்த!"

"மச்சானா? யாருக்குடி மச்சான்?"

"தாய்மாருங்களே, கதை இன்னும்..." என்றேன்.

ஈரத் துணி ஒன்று என் முகத்தில் வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

"அந்த மேடம் எடுக்காம விட்டிருந்தா இந்நேரம் ஊருக்கே தெரிஞ்சிருக்கும்!" என்று மேசைக்காரி மறுபடி அக்கா பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சு? தெரிஞ்சா என்ன, ஒப்பந்தக்காரன் வந்து உன் கால்ல விழுவானா?" அக்கா வெந்த மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் கையைப் பாருடி. பாரு! இது வெந்தப்ப நீங்க எல்லாம் எங்கடி இருந்தீங்க?"