நம்பர் பக்கம் கீழே

எங்கள் பட்டறையில் அவருக்கு டெசிமல் என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்ல மாட்டார். எட்டு ஐம்பத்தெட்டு என்பார், வந்தும் நிற்பார். எனக்கு மட்டும் அவர் அண்ணி, என் கணவரின் கூடப்பிறந்த அக்கா. வீட்டில் குறை கண்டுபிடிக்கிற நாத்தனார் எல்லோருக்கும் உண்டு. எனக்குத்தான் வேலையிடத்திலும் அதற்கென்று சம்பளம் கொடுத்து ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். இதைச் சாப்பாட்டு நேரத்தில் அவர் எதிரிலேயே சொல்வேன். சிரிப்பார். சிரித்துவிட்டு, என் டப்பா மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பார்.

எண்ணெய் படிந்த பாகங்களைக் கழுவும் வேலைக்குத்தான் முதலில் வந்தவர். கழுவிய பாகங்களைத் தட்டில் அடுக்கும்போது, இது மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே என்று விரலாலேயே சொல்லியிருக்கிறார். அளந்து பார்த்தால் உண்மை. அப்படித்தான் சோதனை அறைக்குள் போனார். இருபத்திரண்டு வருஷமாகிறது. கறுப்புக் கல் மேடை, உயரமானி, துடைக்கத் துணி, ஒரு கால்குலேட்டர். வந்த அளவை யாருக்காகவும் ஒரு இழை கூட மாற்றி எழுதியதில்லை. சொந்தத் தம்பி, அதாவது என் கணவர், செய்த வேலையை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் வீட்டில் என் கணவர் சாப்பிடவில்லை, நானும் சமைக்கவில்லை.

நான் ஆறு வருஷம் துளை போடும் மிஷினில் நின்றவள். நான்கு மாதம் முன்னால்தான் கடைசல் மிஷின் கைக்கு வந்தது. கொடுக்கும்போதே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், "தனியா செய்யுற முதல் லாட் ரிஜெக்ட் ஆச்சுன்னா திரும்ப டிரில்லிங்தாம்மா. அப்புறம் என்கிட்ட கேக்கக் கூடாது."

அந்த முதல் லாட் நூற்றெண்பது புஷ், அச்சு சுழல்வதற்குப் போடுகிற குட்டைக் குழல்கள். பத்து மில்லி துளை, அதற்கு மேல் பதினைந்து மைக்ரான், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, வரை போகலாம். இந்த முறை வரைபடத்தில் புதிதாக, எண்ணெய் தங்குவதற்கென்று உள்சுவரில் வளையமாக மெல்லிய ஒரு பள்ளம், காடி. அதையும் நானேதான் வெட்டினேன். துளைக்குள் விட்டுப் பார்க்கிற பிளக் கேஜ் தேய்ந்துவிட்டதா என்று சரிபார்க்க வெளியே போயிருந்தது. இருக்கிற துளைமானியோ அவ்வளவு சின்னத் துளைக்குள் போகாது. ஆகவே அண்ணி அவருடைய பழைய வழிக்குப் போனார்.

வழி எளிமையானது. புஷ்ஷைக் கல்மேடையில் நிறுத்தி, உள்ளே ஆறு மில்லி எஃகுக் குண்டு ஒன்றைப் போடுவார். அது கல்லில் உட்காரும். அதே அளவில் இன்னொன்றைப் போட்டால், அது கீழ்க் குண்டின் மேல் சாய்ந்து எதிர்ச் சுவரில் ஒட்டி நிற்கும். துளை அகலமானால் மேல் குண்டு இறங்கும், குறுகினால் ஏறும். அதன் உச்சியை உயரமானியால் தொட்டு, வந்த உயரத்தில் ஆறைக் கழித்தால் இரண்டு குண்டுகளின் மையங்களுக்கு நடுவே எவ்வளவு உயரம் என்று கிடைக்கும். மிச்சமெல்லாம் செங்கோண முக்கோணக் கணக்கு.

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் ஒன்றை அளந்தார், எழுதினார். இன்னொன்று. பத்து ஆனதும் ரிஜெக்ட்டுக்கான சிவப்பு அட்டையை எடுத்து என் பெயரை எழுதினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன அண்ணி?"

"உசரம் 10.452. துளை 10.022 வருது. ஏழு மைக்ரான் அதிகம்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். ஒண்ணு ரெண்டு மைக்ரான் முன்னபின்ன."

"அண்ணி, சத்தியமா சொல்றேன், நான் பார்த்துப் பார்த்துக் கடைஞ்சேன். டூல் தேயத் தேய திருத்தம் குடுத்தேன்."

"நீ பார்த்ததை நான் எழுத முடியாதும்மா. குண்டு சொல்றதைத்தான் எழுத முடியும்."

"உங்க குண்டுக்கு என்ன, அதுவா திரும்ப டிரில்லிங்ல போய் நிக்கப்போகுது? ஆறு வருஷம் அண்ணி! ஒரு வார்த்தை பதமா பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. மேடையில் இருந்த புஷ்ஷைப் பிடுங்கி எடுத்தேன். குண்டு இரண்டும் துணியில் உருண்டன. "நீங்களே இன்னொரு தரம் பாருங்க" என்று புஷ்ஷை அதே இடத்தில் வைத்தேன். கல்லின் மேல் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன்.

"கல்லு! மெதுவாடி!" என்று பதறினார். பிறகு, "தலைகீழா வெச்சிருக்க. நம்பர் அடிச்ச பக்கம் எப்பவும் மேலதான் இருக்கணும்" என்றார்.

அது அவருடைய இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நம்பர் மேலே இருந்தால் எந்த புஷ், எந்த அளவு என்று குழம்பாது. நல்ல பழக்கம்தான். நான் முறைத்துக்கொண்டு நின்றதால் திருப்பி வைக்காமல் அப்படியே குண்டுகளைத் துடைத்துப் போட்டார். என் வாயை அடைக்கத்தான் அளந்தார் என்று நினைக்கிறேன்.

10.465.

மறுபடி தொட்டார். 10.465. கால்குலேட்டரைத் தட்டினார். 10.008.

"அட!" என்றார்.

புஷ்ஷைத் திருப்பினார். 10.452. மறுபடி கவிழ்த்தார். 10.465. ஒரே துளை ஒரு பக்கம் தப்பு, ஒரு பக்கம் சரி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி அடக்கினார். வரைபடத்தை இழுத்தார். பென்சிலால் ஓரத்தில் எழுதினார். கீழ்க் குண்டின் மையம் மூன்று. அதிலிருந்து மேல் மையம் நாலு சொச்சம் உயரம். மேல் குண்டு சுவரைத் தொடுகிற இடம், அடியிலிருந்து கிட்டத்தட்ட ஏழரை.

வரைபடத்தில் காடி அடியிலிருந்து கிட்டத்தட்ட ஏழரையில் இருந்தது.

"சனியன் சரியா ஏழரையிலயே உக்காந்திருக்கு" என்றேன்.

"குண்டு சுவத்தைத் தொடலை. காடியோட ரெண்டு விளிம்புக்கு நடுவுல கொஞ்சம் உள்ள புகுந்திருக்கு. அதான் கீழ இறங்கியிருக்கு. கவுத்து வெச்சா காடி மேல போயிடுது, குண்டு வழவழப்பான இடத்துல நிக்குது." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "காடி இல்லாத காலத்துல பழகின கை. வரைபடம் மாறினதைப் பார்த்தேன், குண்டு எங்க தொடும்னு பார்க்கலை. தப்பு என்னுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துளை சரியாக இருந்ததற்கா, அவர் அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொன்னதற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "எண்ணெய் கையோட கண்ணைத் தொடாதே" என்றார்.

நூற்றெண்பதையும் அன்றே அளந்தார். ஒவ்வொன்றும் நம்பர் பக்கம் கீழே, குண்டு ஒவ்வொரு தடவையும் துடைத்து. நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் எழுதினார். இரண்டே இரண்டுதான் நிஜமாகவே அதிகம். அவற்றை எனக்காக விட்டுவிடவில்லை, ஒதுக்கி வைத்தார். நானும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து பிளக் கேஜ் திரும்பி வந்தபோது, சரியான துளைக்குள் போகக் கூடாத அதன் தடித்த முனை அந்த இரண்டில் மட்டும்தான் போனது.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். மேசையில் சிவப்பு அட்டையைப் பார்த்து, "என்னம்மா, தேறலையா?" என்று என்னைக் கேட்டார். அண்ணிதான் எழுந்தார்.

"லாட் பாஸ். அந்த அட்டை எனக்கு எழுதினது" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடத்தை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தார். குறை என்ற கட்டத்தில், அளக்கும் முன் குண்டு தொடும் இடத்தைக் கணக்கிடவில்லை என்று இருந்தது. எத்தனை மைக்ரான் தவறு என்ற கட்டத்தையும் விடவில்லை. பதினான்கு என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்.