ராஜினாமாவில் அம்மாவை இழுக்கவில்லை

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது என் வேலை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கோடவுனில் சில வருடம் ஓட்டினேன். வீடு மர்பி டவுனில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பெரிதாகத் தெரிந்தது மேனேஜர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலை தெரிந்தவர். அவர் இருக்கும்போது ஒரு லாரிகூட வாசலில் சும்மா நிற்காது. ஆனால் ஷிப்டை நினைத்தபோது மாற்றுவார். காலை ஷிப்டுக்குப் போய் நிற்பேன். “உனக்கு மத்தியானம்தான், மெசேஜ் பாக்கலியா?” என்பார். நான் பஸ்ஸில் இருந்தபோது மெசேஜ் வந்திருக்கும். திரும்பி வீட்டுக்குப் போய் வர நேரம் இருக்காது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. யார் தப்பு செய்தாலும் போட்டோ எடுப்பார். அதில் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் விடுவார். ஒருநாள் நான் வைத்த பேலட் ஒன்று சாய்ந்து நின்றது. பெட்டிகளை அடுக்கும் மரச் சட்டத்தைத்தான் பேலட் என்போம். அதற்கு வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தார்: “மாட்டு வண்டி ஓட்டுபவருக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்?” குரூப்பில் எல்லோரும் சிரிப்பு பொம்மை போட்டார்கள். என் கூட்டாளியும் போட்டான். போடாவிட்டால் அடுத்த வட்டம் அவனுக்கு.

அதை என் மனைவி பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். “வேற இடம் பாரு” என்றாள். அவ்வளவுதான்.

பார்த்தேன். எங்கள் கோடவுன் இருக்கும் ஓசூர் ரோட்டிலேயே இன்னொரு கோடவுன். அங்கே ஷிப்ட் மாறாது, மாதம் முழுக்க ஒரே நேரம். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். சரி என்றார்கள். “பழைய இடத்துலருந்து ரிலீவிங் லெட்டர் கொண்டு வா. நாங்களும் அங்க போன் பண்ணிக் கேப்போம்.”

அங்கேதான் சிக்கல். வேலையிலிருந்து விடுவித்தோம் என்ற அந்த ரிலீவிங் லெட்டர் வேண்டுமென்றால் முறையாக ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் முழுக்க வேலை செய்து, கடைசியில் பாக்கி எதுவும் இல்லை என்ற கிளியரன்ஸ் தாளில் மேனேஜரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அவரால்தான் போகிறேன். அவர் கையெழுத்து இல்லாமல் போக முடியாது.

எங்கள் கோடவுனில் ராஜினாமா என்றால் ஒரே காரணம்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லோரும் அதையே எழுதுவார்கள். கூட்டாளியும் போன வருடம் அதையே எழுதினான். எங்கள் தெருக்காரன்தான், லோடிங் வேலை.

மேனேஜர் அதைப் படித்தார். “அம்மாவுக்கு முடியலன்னா லீவு எடு, வேலையை ஏன் விடற?” என்று லீவு போட்டுக் கொடுத்தார். அத்தோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு மர்பி டவுனுக்கே வந்துவிட்டார். அவன் அம்மா தெருக்குழாயில் இருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

“யாரு வேணும் சார்?” என்று அவர்களே கேட்டார்கள்.

“உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்றார் மேனேஜர்.

“எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன்.”

ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டாளி மறுநாளே வேலைக்குத் திரும்பினான். ராஜினாமா பேச்சே எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்?

அதனால் நான் அம்மாவை இழுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். உள்ளதை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். தமிழில்தான் எழுதினேன். நான் நிறைய எழுதுகிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பக்கம் பக்கமாக வந்தது. டீக்கடை, மெசேஜ், சிவப்பு வட்டம், மாட்டு வண்டி எல்லாம் எழுதினேன்.

மனைவி படித்தாள். “இது வேலைய விடற லெட்டரா, போலீஸ் கம்ப்ளைண்டா?”

“நடந்ததுதான எழுதிக்கீறேன்.”

“நடந்ததுதான். இத அவர் படிச்சிட்டு உனக்குக் கையெழுத்துப் போடுவாரா? புது கம்பெனிக்காரன் போன் பண்ணா இவங்க இத எடுத்து வெச்சிதான் பேசுவாங்க. சண்டைக்காரன்னு நினைப்பான்.”

அவள் சொன்னது சரிதான். ஆனால் அதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா இங்கிலீஷில் டைப் செய்து தருவார். ரேஷன் கார்டு மனு, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் அவர்தான்.

“ராஜினாமாவா? இரு” என்று கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். “பேரும் தேதியும் மட்டும் சொல்லு தம்பி.”

“என்னக்கா எழுதிக்கீது அதுல?”

“மதர் இல் ஹெல்த், அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு. இந்த ஏரியாக்கு எல்லாம் இதான்.”

“வேணாக்கா. என் அம்மா நல்லா கீறாங்க.”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். “அப்போ, தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னு போடட்டா?”

“அப்டின்னா?”

“அப்டின்னா ஒண்ணுமில்ல. எல்லாரும் போடறாங்க.”

“புது இடத்துல இன்னா சூழ்நிலைன்னு கேட்டா?”

அக்கா கீபோர்டில் இருந்து கையை எடுத்தார். “சரி, நீயே சொல்லு. ஏன் வேலைய விடற?”

சட்டைப் பையிலிருந்த காகிதத்தைக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். மாட்டு வண்டியாகத்தான் இருக்கும்.

“இதுல பாதி அவர் எப்படிப்பட்டவர்னு இருக்கு தம்பி. உனக்கு என்ன வேணும்னு எங்கயும் காணோமே.”

யோசித்தேன். எனக்கு என்ன வேண்டும்? கடை வாசலில் நின்றபடி சொன்னேன். நேரம் மாறாத ஷிப்ட் வேண்டும். அப்படி ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஒத்துக்கொண்டுவிட்டேன். அதனால் போகிறேன்.

“இது உண்மையா?”

“உண்மைதான்.”

“இதுல யாரையாவது குத்தம் சொல்றியா?”

“இல்ல.”

“அப்போ இதையே போடுவோம். மத்ததெல்லாம் பொய்யில்ல. ஆனா அது வேற லெட்டர். புகார் குடுக்கணும்னா தனியா எழுது, எந்த நாள், என்ன நடந்துச்சுன்னு. இதுல கலக்காத.”

டைப் செய்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் வேலையை ராஜினாமா செய்கிறேன். நேரம் மாறாத ஷிப்ட் உள்ள வேறு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் காலம் வேலை செய்வேன், கடைசி நாள் இது. வண்டியையும் பொறுப்புகளையும் ஒப்படைத்துவிடுவேன். ரிலீவிங் லெட்டர் தரவும். கடைசியில், இங்கே வேலை செய்யக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.

“நன்றி வேணுமாக்கா?”

“வேலை கத்துக்கலியா அங்க?”

பெரிய வண்டி ஓட்டக் கற்றது அங்கேதான். “இருக்கட்டும்” என்றேன்.

இரண்டு காப்பி எடுத்தார். “ஒண்ணு ஹெச்.ஆர்.கிட்ட. இன்னொண்ணுல வாங்கிக்கிட்டோம்னு கையெழுத்தும் சீலும் வாங்கி நீ வெச்சிக்கோ.”

ஹெச்.ஆரில் ஒரு சின்னப் பெண் இருந்தார். கன்னடத்தில்தான் பேசுவார். எனக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றுதான். லெட்டரைப் பார்த்ததும், “யாருக்கு உடம்பு சரியில்ல, அம்மாவா அப்பாவா?” என்றார். பிறகு படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். காப்பியில் சீல் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“மேனேஜரால போறீங்களா?”

கேட்டுவிட்டார். பொய் சொல்லக் கூடாது.

“ஷிப்ட் மாத்தறது கிளம்பினதுக்கப்புறம்தான் தெரியும் மேடம். போட்டோ எல்லாம் குரூப்ல இருக்கு. பாருங்க. நான் வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

“எழுத்துல குடுக்கறீங்களா?”

“இதுல வேணாம். கம்பெனி விசாரிச்சா தனியா குடுக்கறேன்.”

அவர் தலையாட்டினார். கடைசி வரை யாரும் விசாரிக்கவில்லை. அது அவர்கள் பாடு.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். லெட்டர் அவர் மேஜைக்கு வந்திருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

“ஏன்பா, நீயுமா? அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க சார்.”

நிமிர்ந்து பார்த்தார். லெட்டரைப் பிரித்தார். அவர் கண் மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்தது. தன்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார், எனக்குத் தெரியும். அது அங்கே இல்லை.

“ஷிப்ட்தான் பிரச்சனையா? முன்னாடியே சொல்லக் கூடாதா? உனக்கு ஜெனரல் ஷிப்ட் போடறேன், தெனமும் ஒரே நேரம். இத எடுத்துட்டுப் போ.”

ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. பஸ், வண்டி, ஆட்கள் எல்லாம் பழகியது. ஆனால் குரூப்பும் அதே குரூப்தான்.

“வேற இடத்துல ஒத்துக்கிட்டேன் சார். ரெண்டாவது வரியில இருக்கு.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“லெட்டர்ல உள்ளதுதான் சார்.”

பேனாவை உருட்டினார். நான் ஏன் போகிறேன் என்று அவருக்கும் தெரியாமல் இல்லை. பிறகு “ஸரி, ஹோகு” என்றார். கன்னடத்தில் சரி போ என்று அர்த்தம்.

நோட்டீஸ் காலம் முழுக்க வேலை செய்தேன். லீவு போடவில்லை. அவர் கத்துவது நிற்கவில்லை. ஆனால் என் பேலட்டுக்கு வட்டம் வரவில்லை. கடைசி நாள் ஐ.டி. கார்டு, ஹெல்மெட், சேஃப்டி ஷூ, வண்டிச் சாவி எல்லாம் ஒப்படைத்தேன். கிளியரன்ஸில் அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டார். ரிலீவிங் லெட்டரும் வந்தது.

புது இடத்தில் சூப்பர்வைசர் கேட்டார், “ஏன்பா விட்ட?” நேரம் மாறாத ஷிப்டுக்காக என்றேன். “அங்கயும் போன்ல அதான் சொன்னாங்க” என்று ஃபைலை மூடினார். வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வீட்டுக்கு வந்தான். “மச்சான், அந்த லெட்டர் காப்பி ஒண்ணு குடுறா. பேர மாத்தி நானும் குடுத்துர்றேன்.”

“உனக்கு ஷிப்ட் மாறினா இன்னாடா? நீ எந்த நேரமும் தூங்குவியே.”

“அதான, எனக்கு அது பிரச்சனையே இல்ல.”

“அப்ப உனக்கு இன்னா வேணும்?”

யோசித்தான். அவனுக்கும் அந்தக் கேள்வி புதிது. தெருவில் அவன் அம்மா குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். வாசலில் நின்றார்கள்.

“டேய், எது வேணா எழுது. என்ன மட்டும் படுக்கப் போடாத. அந்த ஆப்பிளே புளிப்பு.”

கூட்டாளி என்னிடம் பேனா கேட்டான்.