கோதண்டபாணிக்கு முன்னால் போனவள்

2014இல் திண்டிவனத்து ஞானமேரி, இறந்துபோன அப்பாவின் பழைய வால்வு ரேடியோவை விழுப்புரத்துப் பழம்பொருள் வியாபாரி கோதண்டபாணியிடம் நானூறு ரூபாய்க்குக் கொடுத்தாள். "ஓடாத டப்பாம்மா, இதுவே அதிகம்" என்றார் அவர். பத்தே நாளில் அதே ரேடியோவை இணையத்தில் மூவாயிரத்துக்குப் போட்டிருந்தார். அவள் நேரில் போய்க் கேட்டாள். "வெல தெரியாம வித்தது உன் தப்பு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே ஞானமேரி அதே தொழிலில் இறங்கினாள். அவர் சரக்கெடுக்கும் வல்லம், பனமலைப் பக்கத்து வீடுகளுக்கு அவருக்கு முன்பே போய் நின்றாள். "இது ஆன்லைன்ல ஆயிரத்துக்குப் போவும். பார்சல் செலவு, என் கூலி போவ உங்களுக்கு அறுநூறு தர்றேங்க" என்று உடைத்தே சொன்னாள். பொருளைத் துடைத்து, காலை வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி விரித்துப் படமெடுத்தாள். கீறலையும் விரிசலையும் கிட்டத்தில் காட்டியதால் திரும்பி வந்தவை குறைவு. தெர்மாகோல் வைத்துக் கட்டி, எடை பார்த்து, தபால் செலவையும் சேர்த்த பிறகே விலை போட்டாள். பொருளுக்கு நூற்றைம்பது, இருநூறு லாபமாகக் கையில் நின்றது.

இரண்டு வருடத்தில் கோதண்டபாணிக்குச் சரக்கு வருவது நின்றது. அவரே அவள் வீட்டுக்கு வந்தார்.

"என் பொழப்புல ஏம்மா மண்ணப் போடுற? வல்லத்தயாவது எனக்கு வுட்டுடு."

"வல்லத்துக்குத்தாங்க கெளம்பிக்கினு இருக்கேன்."

அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு ஞானமேரி பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவளுக்கு இனித்தது.